தொய்ந்த மர உத்தரத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்டீல் தகடு: மாடுலர் ரேஷியோ கணக்கும் கைவேலையும்

மாடித் தளத்தைத் தாங்கும் மர உத்தரம் ஒன்று. அகலம் 100 மிமீ, உயரம் 250 மிமீ, இரண்டு தாங்கிகளின் மையத்துக்கு மையம் 4 மீட்டர். மேலே குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் பலகை. நடக்கும்போது தளம் அதிரும், நடுவில் கண்ணுக்கே தெரிகிற தொய்வு. மரத்தில் பூச்சியோ உளுத்தலோ இல்லை, நல்ல காய்ந்த மரம். எடுத்துவிட்டு வேறு போடுவதென்றால் மேல்தளம் முழுவதையும் பிரிக்க வேண்டும். அதனால் இரண்டு பக்கமும் ஸ்டீல் தகடு வைத்து போல்ட் போட்டு ஃபிளிட்ச் பீமாக மாற்றுவது என்று முடிவு. வேலையை எப்படிச் செய்தேன் என்பதோடு, ஒவ்வொரு பொருளிலும் எவ்வளவு தகைவு வருகிறது என்ற கணக்கையும், அந்தக் கணக்கு நிஜத்தில் நடந்ததா என்று சோதித்த விதத்தையும் எழுதுகிறேன். எனக்கு இதில் மூன்றாவதுதான் முக்கியம், ஏனென்றால் காகிதத்தில் ஸ்டீல் எப்போதும் ஒழுங்காக வேலை செய்யும்.

முதலில் மரம் மட்டும் என்ன நிலைமையில் இருந்தது என்று பார்ப்போம். பலகை, சட்டம், உத்தரத்தின் சொந்த எடை, பின்னால் வரப்போகும் தகடுகளின் எடை எல்லாம் சேர்த்து நிலைச்சுமை மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன். ஆட்கள், சாமான் வகையில் 3.5. மொத்தம் மீட்டருக்கு 6. நடுவில் வளைவுத் திருப்புமை wL²/8, அதாவது 6 × 16 / 8 = 12 கிலோநியூட்டன் மீட்டர். மர வெட்டுமுகத்தின் இனர்ஷியா 100 × 250³ / 12, அது 130.2 × 10⁶ மிமீ⁴. விளிம்பில் தகைவு 11.5 நி/மிமீ² வருகிறது. முடிச்சுகளையும் மரத்தின் வயதையும் பார்த்து நான் எடுத்துக்கொண்ட அனுமதி அளவு 8. ஆக, முழுச் சுமை வந்தால் மரம் தன் அளவைத் தாண்டிவிடும். மரத்தின் மீட்சிக் குணகம் E 10,000 என்று வைத்தால் தொய்வும் 15 மிமீக்கு மேல், 4 மீட்டருக்கு அது அதிகம்.

இந்த 10,000 எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த விஷயம். ஸ்டீலின் மீட்சிக் குணகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், எந்தக் கடையில் வாங்கினாலும் 2 லட்சம் நி/மிமீ²க்கு அருகில்தான் இருக்கும். மரம் அப்படி இல்லை. ஒரே இன மரத்திலேயே ஒரு கட்டைக்கும் இன்னொரு கட்டைக்கும் 20, 30 சதவீதம் மாறும், ஈரம் சேர்ந்தால் இன்னும் இறங்கும். மாடுலர் ரேஷியோ என்பது ஸ்டீலின் குணகத்தை மரத்தின் குணகத்தால் வகுத்தது, அவ்வளவுதான். ஆனால் வகுக்கும் எண் ஆடினால் விடையும் ஆடும். உத்தரம் கண்ணெதிரே நிற்கும்போது அட்டவணையிலிருந்து எடுப்பானேன் என்று நினைத்து, அதையே அளந்துவிட்டேன்.

அளக்கும் முறை எளிது. தளத்தில் இருந்த சாமான்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, உத்தரத்தின் அடியில் நடுப்புள்ளியில் ஒரு டயல் கேஜை வைத்தேன். கேஜ் நிற்கும் ஸ்டாண்ட் கீழ்த்தளத்தில் ஊன்றியிருக்க வேண்டும், அதே உத்தரத்தில் தொங்கும் எதிலும் மாட்டக் கூடாது. பிறகு மேலே, உத்தரத்தின் நடுவுக்கு நேர் மேலாக, 50 கிலோ மணல் மூட்டை நான்கு. அது 200 கிலோ, விசையாக 1.96 கிலோநியூட்டன். நடுவில் ஒற்றைச் சுமைக்குத் தொய்வு PL³/48EI. E 10,000 என்றால் 2.0 மிமீ வர வேண்டும். வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்ததில் கேஜ் 2.0 பக்கத்திலேயே நின்றது. சட்டங்கள் சுமையைப் பக்கத்து உத்தரங்களுக்கும் கொஞ்சம் பகிரும் என்பதால் நிஜமான E இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். அதைக் கடைசியில் கணக்கில் சேர்க்கிறேன். இப்போதைக்கு மாடுலர் ரேஷியோ m = 200,000 / 10,000 = 20.

தகடு 6 மிமீ தடிமன், 200 மிமீ உயரம், பக்கத்துக்கு ஒன்று. நீளம் உத்தரத்தின் முழு நீளம், 4.15 மீட்டர். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 39 கிலோ, இருவர் சேர்ந்து தூக்கிவிடலாம். மர உயரம் 250 இருக்க, தகடு ஏன் 200? உயரம் கூடினால் ஸ்டீலின் இனர்ஷியா மும்மடிக் கணக்கில் ஏறும், 250 வைத்திருந்தால் ஸ்டீல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்யும். ஆனாலும் மேலும் கீழும் 25 மிமீ விட்டேன். மரம் குறுக்கு வாக்கில் சுருங்கும், ஸ்டீல் சுருங்காது. தகடும் மரமும் ஒரே மட்டத்தில் இருந்தால் நாளாவட்டத்தில் தகட்டின் விளிம்பு மரத்தைவிட உயர்ந்து நின்று, மேலே உட்கார்ந்திருக்கும் சட்டங்களைக் கத்தி மாதிரி ஏந்தும். கீழே தாங்கியிலும் அதே கதை. இந்த இடைவெளிக்கு ஒரு விலை உண்டு, அதைப் போல்ட் பகுதியில் சொல்கிறேன்.

சரி, கணக்கு. தகடும் மரமும் ஒரே வளைவில் வளைகின்றன, இரண்டின் நடுநிலை அச்சும் ஒரே மட்டத்தில். ஆகவே ஒரே உயரத்தில் இரண்டிலும் திரிபு ஒன்று. திரிபு ஒன்றானால் தகைவு குணகத்தின் விகிதத்தில் மாறும், அதனால் அந்த உயரத்தில் ஸ்டீலின் தகைவு மரத்தினுடையதைப் போல 20 மடங்கு. இதையே ஸ்டீலின் அகலத்தை 20 மடங்காக விரித்து, முழுவதையும் மரமாகக் கற்பனை செய்வது என்றும் சொல்லலாம். 12 மிமீ ஸ்டீல் 240 மிமீ மரமாகிறது, உயரம் மட்டும் மாறாது.

```
I_eq = I_மரம் + m · I_ஸ்டீல்
σ_மரம்  = M · y_மரம் / I_eq
σ_ஸ்டீல் = m · M · y_ஸ்டீல் / I_eq
```

இரண்டு தகடுகளின் இனர்ஷியா 2 × 6 × 200³ / 12, அதாவது 8.0 × 10⁶. அதை 20 ஆல் பெருக்க 160 × 10⁶. மரத்தின் 130.2ஐக் கூட்டினால் 290.2 × 10⁶ மிமீ⁴. மரத்தின் விளிம்பு அச்சிலிருந்து 125 மிமீ தள்ளி இருக்கிறது, அங்கே தகைவு 12 × 10⁶ × 125 / 290.2 × 10⁶ = 5.2 நி/மிமீ². தகட்டின் விளிம்பு 100 மிமீ தள்ளி, அங்கே 20 × 12 × 10⁶ × 100 / 290.2 × 10⁶ = 83 நி/மிமீ². சாதாரண மைல்ட் ஸ்டீலுக்கு வளைவில் 165 வரை விடலாம் என்பதால் ஸ்டீலுக்கு இது பாதி வேலைதான்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மரத்தின் உச்சத் தகைவு 5.2, அதை 20 ஆல் பெருக்கினால் 103, ஆக ஸ்டீலில் 103 என்று எழுதிவிடுவார்கள். 20 மடங்கு என்பது ஒரே உயரத்தில் மட்டும். 125 மிமீ உயரத்தில் ஸ்டீலே கிடையாது, தகடு 100இல் முடிகிறது. 100இல் மரத்தின் தகைவு 4.1, அதன் 20 மடங்குதான் 83. நம் வேலையில் 103 என்று எழுதியிருந்தாலும் ஆபத்தில்லை, பாதுகாப்பான பக்கத்துத் தவறு. ஆனால் சிலர் எதிர்ப்பக்கமாக, ஸ்டீலின் அனுமதி அளவை 20 ஆல் வகுத்து அதையே மரத்தின் விளிம்புக்கு எடுத்துக்கொள்வார்கள். ஸ்டீல் 165ஐத் தொடும்போது 100 மிமீ உயரத்தில் மரம் 8.25, ஆனால் விளிம்பில் மரம் 10.3க்குப் போய்விட்டிருக்கும். அந்தத் தவறு மரத்தை உடைக்கும்.

விடையைச் சரிபார்க்க இன்னொரு வழி எனக்குப் பிடிக்கும். 290.2இல் ஸ்டீலின் பங்கு 160, அதாவது 55 சதவீதம். ஆகவே 12இல் 6.6 கிலோநியூட்டன் மீட்டரைத் தகடுகள் சுமக்கின்றன, மீதி 5.4ஐ மரம். தகடுகளைத் தனி உத்தரமாகப் பாவித்து 6.6 × 10⁶ × 100 / 8.0 × 10⁶ என்று போட்டால் அதே 83 வருகிறது. இந்தப் பங்குக் கணக்கு போல்ட்டுக்கும் தேவைப்படும். என்னோடு வேலை பார்த்த தச்சர் ஒரு கேள்வி கேட்டார், "தகடு வெறும் 12 மில்லி, மரம் 100 மில்லி. இது எப்படி சார் பாதிக்கு மேல் சுமக்கும்?" 12ஐ 20 ஆல் பெருக்கிச் சொன்னதும் ஒத்துக்கொண்டார், ஆனால் "அப்போ போல்ட் ஓட்டை லூசா இருந்தா?" என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. இந்த வேலையின் மொத்தச் சிக்கலும் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

அதற்கு வருமுன் முட்டுக் கொடுப்பது. உத்தரம் ஏற்கெனவே நிலைச்சுமையைச் சுமந்து வளைந்து நிற்கிறது. அந்த நிலையிலேயே தகட்டை மாட்டினால், அதுவரை வந்த சுமை முழுவதும் மரத்திலேயே தங்கிவிடும், தகடு இனி வரும் சுமையில் மட்டும் பங்கெடுக்கும். நிலைச்சுமையின் 5 கிலோநியூட்டன் மீட்டருக்கு மரம் தனியாக 4.8 நி/மிமீ². அப்புறம் வரும் 7 கிலோநியூட்டன் மீட்டருக்குச் சேர்ந்த வெட்டுமுகத்தில் 3.0. கூட்டினால் 7.8. அனுமதி 8, தப்பிக்கிறது என்று தோன்றும். ஸ்டீலிலோ 48தான், சும்மா இருக்கிறது. வாங்கி, துளைத்து, தூக்கி மாட்டிய ஸ்டீலை இப்படிச் சும்மா வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு 7.8 என்பதில் தகடுகள் நூற்றுக்கு நூறு ஒத்துழைக்கின்றன என்ற நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது.

ஆகவே நீளத்தை மூன்றாகப் பிரிக்கும் இரண்டு புள்ளிகளில் திருகு முட்டுகள். அடியில் சுமையைப் பரப்ப அகலப் பலகை, மேலே மரம் நசுங்காமலிருக்க ஒரு கட்டை. உத்தரத்தின் இரண்டு முனைகளுக்கும் மெல்லிய நைலான் கயிற்றை இழுத்துக் கட்டிப் பார்த்தபோது நடுவில் தொய்வு 11 மிமீ. நிலைச்சுமைக்கு மீட்சியாக வரவேண்டியது 6.4 மிமீ மட்டும். மீதி சுமார் 5 மிமீ பல வருடச் சுமையில் மரம் நிரந்தரமாக வளைந்துபோனது, முட்டை இறுக்கினாலும் அது மரத்துக்குள் கிடக்கும் தகைவைக் குறைக்காது. அதனால் இலக்கு 11 அல்ல, 6. இரண்டு முட்டுகளையும் மாறி மாறிக் கால் திருகாக ஏற்றி, கயிற்றில் 6 மிமீ தூக்கியதும் நிறுத்திவிட்டேன். அதைத் தாண்டி நேராக்கப் பார்த்தால் மரம் எதிர்ப்பக்கம் வளையும், மேலே பூச்சும் பலகை இணைப்பும் விரியும். 5 மிமீ வளைவு மிச்சமிருப்பதால் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. நேரான தகடு லேசாக வளைந்த மரத்தின் பக்கத்தில் நிற்கிறது, துளைகளின் இடம் மரத்தில் ஓரிரு மில்லி மேலே கீழே விழும், அவ்வளவுதான்.

இனி போல்ட். தகடு மேலும் கீழும் அடிக்கப்பட்டிருந்தால், அதாவது மரத்தோடு மேல்முகத்திலும் அடிமுகத்திலும் ஒட்டியிருந்தால், இரண்டுக்கும் இடையே நீளவாக்கில் வழுக்கப் பார்க்கும் விசையைத் தடுக்க வேண்டியிருக்கும். பக்கவாட்டுத் தகட்டில் அந்தத் தொல்லை கிடையாது, இரண்டுக்கும் அச்சு ஒன்றே. இங்கே போல்ட்டின் வேலை வேறு. சுமை மரத்தின் மேல்முகத்தில்தான் உட்காருகிறது, தகட்டுக்கு மேல் 25 மிமீ காலி. தகட்டின் பங்கான 55 சதவீதம், மீட்டருக்கு 3.3 கிலோநியூட்டன், மரத்திலிருந்து போல்ட் வழியாகத்தான் தகட்டுக்குப் போக முடியும். முனையிலும் தகடு தாங்கியில் உட்காரவில்லை, கீழேயும் 25 மிமீ காலி. ஆகவே தகடு சுமந்துவந்ததை மறுபடி மரத்திடமே ஒப்படைக்க வேண்டும். நான் சொன்ன விலை இதுதான்.

நடுப்பகுதியில் 12 மிமீ போல்ட், 400 மிமீ இடைவெளி. ஒரு போல்ட்டுக்கு 1.3 கிலோநியூட்டன். அது 12 × 100 மிமீ மரப்பரப்பை இழைக்குக் குறுக்காக அழுத்துகிறது, 1.1 நி/மிமீ². கவலை இல்லை. முனையில்தான் கவனம். தகடுகளின் மொத்தப் பங்கு 13.2, அதில் பாதி, 6.6 கிலோநியூட்டன், ஒவ்வொரு முனையிலும் இறங்குகிறது. ஒரே 12 மிமீ போல்ட் என்றால் மரத்தில் 5.5 நி/மிமீ² அழுத்தம், இழைக்குக் குறுக்கே பல மரங்கள் அதற்கு நசுங்கும். நசுங்கினால் என்ன, உடையாதே என்று விடக் கூடாது, நசுங்குவது என்பதே தகடு தளர்வது. அதனால் தாங்கியின் நேர் மேலே, முனைக்கு இரண்டு 16 மிமீ போல்ட். அழுத்தம் 2.1க்கு இறங்கியது.

போல்ட்டுகளை நடுஅச்சுக்கு 50 மிமீ மேலேயும் கீழேயும் மாற்றி மாற்றி வைத்தேன். துளையால் ஸ்டீலின் இனர்ஷியா அந்த இடத்தில் 5 சதவீதம் குறையும், பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும்: மரம் பச்சையாக இருந்தால் இரண்டு போல்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அதிக இடைவெளியில் போடக் கூடாது. மரம் உயரவாக்கில் சுருங்கப் பார்க்கும், ஸ்டீல் அந்த இரண்டு போல்ட்டையும் அதே தூரத்தில் பிடித்து நிறுத்தும், மரம் இழைவழியே இரண்டாகப் பிளக்கும். பழைய ஃபிளிட்ச் பீம்களில் போல்ட் வரிசையை ஒட்டி நீளமாக ஓடும் வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், சுமை அல்ல. நம்முடையது காய்ந்த மரம் என்பதால் முனையில் இரண்டை 100 மிமீ இடைவெளியில் வைக்கத் துணிந்தேன்.

துளை. தச்சரின் கேள்விக்கு விடை எண்ணிலேயே இருக்கிறது. சேர்ந்த வெட்டுமுகத்தின் முழுச்சுமைத் தொய்வே 7 மிமீக்குள். வழக்கம்போல போல்ட்டைவிட 2 மிமீ பெரிதாகத் துளை போட்டால், மரம் இறங்க ஆரம்பித்து அந்த இடைவெளி மூடும் வரை தகடு வேடிக்கை பார்க்கும். 7இல் 2 போனால் கணக்கில் எழுதிய பங்கீடு அங்கேயே போய்விட்டது. நட்டை இறுக்கி உராய்வில் பிடிக்கலாம் என்றால், மரம் கொஞ்சம் காய்ந்ததும் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும், அதை நம்பக் கூடாது.

அதனால் இரண்டு தகடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, கிளாம்ப் போட்டு, டிரில் பிரெஸ்ஸில் சேர்த்தே துளைத்தோம், போல்ட்டைவிட அரை மில்லி மட்டும் கூட. பிறகு ஒரு தகட்டை மரத்தில் பொருத்தி, அதன் துளையையே வழிகாட்டியாக வைத்து மரத்தில் போல்ட்டின் அளவுக்கே துளை. 100 மிமீ மரத்தை ஒரே பக்கமாகத் துளைத்தால் டிரில் முனை இழை போகும் திசைக்கு ஒதுங்கி, மறுபக்கம் 2, 3 மிமீ தள்ளி வெளியே வரும். அப்போது மறுபக்கத் தகட்டின் துளையைச் சுரண்டிப் பெரிதாக்கத்தான் கை போகும், அதைச் செய்தால் எல்லாம் வீண். இரண்டாவது தகட்டையும் குறியிட்ட இடத்தில் கிளாம்ப் செய்துவிட்டு இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி துளைத்து நடுவில் சந்திக்கவிட்டோம். போல்ட் சுத்தியலால் தட்டினால்தான் உள்ளே போனது. அப்படித்தான் இருக்க வேண்டும். போல்ட்டின் மரையுள்ள பகுதி தகட்டுத் துளைக்குள் வராதபடி நீளம் பார்த்து வாங்குவதும் முக்கியம், மரை என்பது இன்னொரு அரை மில்லி தளர்ச்சி.

எல்லாம் இறுக்கியபின் முட்டுகளை மாறி மாறி இறக்கினோம். நிலைச்சுமை இப்போது சேர்ந்த வெட்டுமுகத்துக்குப் போகிறது, கணக்குப்படி 2.9 மிமீ இறங்க வேண்டும். தகடு சும்மா இருந்தால் 6.4. கயிற்றில் இறங்கியது 3.6. தகடு வேலை செய்கிறது, ஆனால் முழுதாக இல்லை.

அந்த 3.6இல் போல்ட்டுகள் தம் துளைக்குள் உட்கார்ந்ததும் அடக்கம். அது ஒரு தடவை நடப்பது. தொடர்ந்து இருக்கும் விறைப்பு எவ்வளவு என்று பார்க்க அதே நான்கு மணல் மூட்டைகள், அதே இடம், அதே டயல் கேஜ். ஒரு தடவை வைத்து எடுத்துத் தளர்ச்சியைத் தீர்த்துவிட்டு, மறுபடி வைத்துப் படித்தேன். கணக்கு 0.90 மிமீ சொல்கிறது. கேஜ் காட்டியது 1.05. முதலில் இருந்த 2.0ஐ 1.05 ஆல் வகுத்தால் விறைப்பு 1.91 மடங்கு ஆகியிருக்கிறது, கணக்கில் 2.23. அதாவது I_eq 290 அல்ல, 249. அதில் மரத்தின் 130ஐக் கழித்தால் ஸ்டீலின் பங்கு 160க்குப் பதிலாக 119. தகடுகள் தம் முழுத் திறனில் முக்கால் பங்குதான் ஒத்துழைக்கின்றன.

இதை வைத்துத் தகைவைத் திரும்பப் போட்டேன். மரம் 12 × 10⁶ × 125 / 249 × 10⁶ = 6.0 நி/மிமீ². ஸ்டீல் சுமப்பது 12இல் 48 சதவீதம், 5.7 கிலோநியூட்டன் மீட்டர், தகைவு சுமார் 72. போல்ட் ஒழுங்காகப் போட்டும் இவ்வளவு குறைகிறதே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை, போல்ட் மரத்தில் அழுத்தும்போது மரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் செய்யும், மாடுலர் ரேஷியோ கணக்கில் அந்த விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. மரத்தின் தகைவு 5.2க்குப் பதில் 6.0, அனுமதி 8, பிரச்சினை இல்லை. ஆனால் முட்டுக் கொடுக்காமல் மாட்டியிருந்தால்? நிலைச்சுமைக்கு 4.8, இனி வரும் சுமைக்கு இந்த 249ஐ வைத்து 3.5, மொத்தம் 8.3. காகிதத்தில் 7.8 என்று தப்பித்தது நிஜத்தில் தாண்டியிருக்கும்.

கடைசியாக மாடுலர் ரேஷியோவின் ஆட்டம். 20 என்பது மணல் மூட்டையைச் சில நிமிடம் வைத்து அளந்தது. நிலைச்சுமை வருடக்கணக்கில் நிற்கும்போது மரம் மெல்ல மெல்ல இன்னும் வளையும், ஸ்டீல் அப்படி வளையாது. யூரோகோட் 5 உலர்ந்த உட்புற மரத்துக்கு இதை 0.6 என்ற குணகத்தில் வைக்கிறது, மரத்தின் E 1.6 ஆல் வகுபட்டு 6,250 ஆகிறது, மாடுலர் ரேஷியோ 32. முழுச்சுமையும் நிரந்தரம் என்று கடுமையாகவே வைத்துப் பார்த்தால் I_eq 386, மரத்தில் தகைவு 3.9க்கு இறங்கி, ஸ்டீலில் 99க்கு ஏறுகிறது. மரம் தளரத் தளரச் சுமை ஸ்டீலுக்கு நகர்கிறது. எதிர்ப்பக்கமாக மரம் நான் அளந்ததைவிட விறைப்பாக, E 12,500 என்று இருந்தால் ரேஷியோ 16, மரத்தில் 5.8, ஸ்டீலில் 74.

ஆகவே ஒரே ரேஷியோவில் இரண்டு தகைவையும் பார்த்து முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. மரத்தைச் சோதிக்கச் சிறிய ரேஷியோ, ஸ்டீலைச் சோதிக்கப் பெரிய ரேஷியோ. முன்னால் சொன்ன, பக்கத்து உத்தரங்கள் பகிர்ந்ததால் E கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருக்கலாம் என்ற சந்தேகமும் இதற்குள் அடங்கிவிடுகிறது, E குறைந்தால் ரேஷியோ ஏறும், அந்தப் பக்கம் 32 வரை பார்த்தாயிற்று. போல்ட்டுக்கும் பெரிய ரேஷியோவே: 32இல் ஸ்டீலின் பங்கு 66 சதவீதம், முனையில் 6.6க்குப் பதில் 8 கிலோநியூட்டன், 16 மிமீ போல்ட் இரண்டிலும் மரத்தின் அழுத்தம் 2.5. முனையில் 12 மிமீ போல்ட் இரண்டோடு நிறுத்தியிருந்தால் அது 3.3 ஆகியிருக்கும், அந்த அளவு நம் மரத்துக்கு இழைக்குக் குறுக்கே ஒத்துவருமா என்று தனியாகப் பார்க்க வேண்டி வந்திருக்கும்.

நட்டுகள் ஒரு பருவம் போனதும் கொஞ்சம் தளர்ந்திருந்தன, வாஷருக்கடியில் மரம் அமுங்கியது அல்ல, இரண்டு தகடுகளுக்கும் நடுவே மரம் சுருங்கியதுதான். இறுக்கிவிட்டு மறுபடி மூட்டைகளை ஏற்றிப் பார்த்தேன். கேஜ் 1.05லேயே நின்றது.